‘லாகூ மாரா’ வரியில் வரும் சுரியானி வினைகளைப் பிரித்தறிவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கிழக்குச் சுரியானி மரபைப் பின்பற்றும் திருச்சபைகளின் வழிபாட்டில், தொடக்கப் பகுதியிலேயே ‘லாகூ மாரா’ என்னும் சிறு புகழ்ச்சி பாடப்படுகிறது. அசீரிய கிழக்குத் திருச்சபையிலும், கல்தேயத் திருச்சபையிலும், கேரளத்தின் சீரோ மலபார் திருச்சபையிலும் இது இருக்கிறது. நான்கே அடிகள் கொண்ட இந்த வேண்டுதலின் பொருளை நான் மனப்பாடமாக அறிந்திருந்தும், அதில் உள்ள இரண்டு வினைகளை இலக்கணமாகப் புரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய மூன்று மாதங்கள் பிடித்தன. கையில் கிடைத்த ஒரு தமிழாக்கம் ‘புகழ்வோமாக’ என்று முடிந்திருந்ததால், நான் அகராதியில் எதிர்கால வடிவத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன். அந்த வடிவம் வரியில் இல்லவே இல்லை. சரியான ஒழுங்கில் சென்றால் நான்கு மாலைப்பொழுதுகளில் முடியக்கூடிய வேலை இது. அந்த ஒழுங்கைக் கீழே தருகிறேன்.

வேண்டுதலின் ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் முதலில் தந்துவிடுகிறேன். ‘லாகூ’, ‘லாக்’ ஆகியவற்றின் ககரம் தொண்டையிலிருந்து உரசி வரும் மெல்லிய ஒலி என்பதையும், இந்த நான்கு அடிகளில் ‘ஹ’ என்று நான் எழுதும் இடங்களில் இருப்பது ஹேத் என்னும் அழுத்தமான ஒலி என்பதையும் நினைவில் வையுங்கள்.

லாகூ மாரா த்கொல்லா மௌதேனன்,
வ்லாக் ஈஷோ ம்ஷீஹா ம்ஷப்ஹீனன்,
தத்தூ ம்னஹ்மானா த்பக்ரைன்,
வத்தூ பாரோகா த்நப்ஷாதன்.

பொருள்: அனைத்திற்கும் ஆண்டவரே, உம்மையே அறிக்கையிடுகிறோம், இயேசு கிறிஸ்துவே, உம்மைப் புகழ்கிறோம், ஏனெனில் எங்கள் உடல்களை உயிர்த்தெழச் செய்பவர் நீரே, எங்கள் ஆன்மாக்களின் மீட்பரும் நீரே.

1. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு, ஆகும் காலம்

முதல் தேவை, உயிர்க்குறிகள் இடப்பட்ட சுரியானிப் பாடம். உயிர்க்குறி இல்லாத பாடத்தை வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். இந்த வரியில் ஆண்பாலும் பெண்பாலும், பெயரும் வினையும் ஒரே எழுத்துகளில் எழுதப்படும் இடங்கள் இருக்கின்றன. அவற்றைக் குறிகள்தாம் பிரித்துக் காட்டும். கிழக்குச் சுரியானி வழிபாட்டு நூல் உங்கள் பங்கில் இருந்தால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் படி எடுத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, நோல்டெக்கேயின் சுரியானி இலக்கணம், 1904இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு. மூன்றாவது, ஜெ. பெய்ன் ஸ்மித்தின் 1903ஆம் ஆண்டுச் சுருக்க அகராதி. இரண்டும் காப்புரிமைக் காலம் கடந்தவை என்பதால் வருடப்பட்ட படிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முழு நூலையும் அச்சிட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம். வினை அட்டவணைப் பக்கங்களை மட்டும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். சொல்லைத் தட்டிப் பார்க்க `sedra.bethmardutho.org` தளமும், பெஷீத்தா என்னும் சுரியானி விவிலியத்தில் ஒரு சொல் வரும் இடங்களைப் பார்க்க `dukhrana.com` தளமும் கட்டணமின்றிப் பயன்படுகின்றன.

சுரியானி எழுத்துகளை நீங்கள் ஏற்கெனவே வாசிப்பீர்கள் என்று வைத்துக்கொண்டே நான்கு மாலைகள் என்று சொன்னேன். எழுத்து தெரியாதவர்கள் அதற்கென்று தனியாக இரண்டு வாரங்களை ஒதுக்கிய பின்பு இங்கே வாருங்கள்.

2. வினை எங்கே இருக்கிறது என்று முதலில் குறியுங்கள்

நான்கு அடிகளிலும் வினைமுற்றுகள் இரண்டே: மௌதேனன், ம்ஷப்ஹீனன். மூன்றாம், நான்காம் அடிகளில் வினைமுற்றே கிடையாது. ம்னஹ்மானா, பாரோகா ஆகிய இரண்டும் வினையிலிருந்து பிறந்த சொற்கள் என்பதால் அவற்றையும் வினையாக எண்ணிக் காலம் தேடுவது முதல் நாளில் எல்லாரும் செய்யும் தவறு. அவற்றை ஆறாம் படியில் பார்ப்போம்.

முதல் அடியின் ‘லாகூ’ என்பதையும் இங்கேயே பிரித்துவிடுங்கள். ‘லாக்’ என்றால் உம்மை அல்லது உமக்கு. அதோடு ஒட்டியிருக்கும் ‘ஊ’, ‘ஹூ’ என்னும் படர்க்கைச் சுட்டு தேய்ந்து ஒட்டியது. இங்கே அது அவர் என்ற பொருளைத் தருவதில்லை; நம்முடைய ஏகாரத்தின் வேலையைச் செய்கிறது. லாக் என்றால் உம்மை, லாகூ என்றால் உம்மையே.

3. மௌதேனன்: ஒட்டியிருக்கும் பெயரைப் பிரித்தெடுங்கள்

இந்தச் சொல் மௌதேன் என்றும் நன் என்றும் இரண்டாகப் பிரிகிறது. முதற்பகுதி, ஆங்கில வழிப் பாடநூல்கள் பார்ட்டிசிபிள் என்று அழைக்கும் வடிவம். தமிழ் இலக்கணத்தில் அதற்கு மிக அருகில் நிற்பது வினையாலணையும் பெயர். அறிக்கையிடுபவன், அறிக்கையிடுபவள், அறிக்கையிடுபவர் என்பவை பாலையும் எண்ணையும் காட்டுவது போலவே சுரியானி வடிவமும் காட்டும்: ஆண்பால் ஒருமை மௌதே, பெண்பால் ஒருமை மௌத்யா, ஆண்பால் பன்மை மௌதேன், பெண்பால் பன்மை மௌத்யான். ஆனால் தன்மையா, முன்னிலையா, படர்க்கையா என்பதை இவற்றில் எதுவும் தன்னளவில் சொல்லாது. அதைச் சொல்ல ஒரு மூவிடப் பெயரைத் தேய்த்துப் பின்னால் ஒட்ட வேண்டும். ‘ஹ்னன்’ என்றால் நாங்கள். அது தேய்ந்து ‘நன்’ ஆகி, மௌதேன் என்பதோடு சேர்ந்து மௌதேனன் ஆகிறது.

தமிழர்களுக்கு இதை விளங்கிக்கொள்ள அடியோம், அடியேன் என்ற சொற்களே போதும். அடி என்ற பெயரின் மேல் ஓம் என்ற தன்மைப் பன்மை விகுதி ஏறி ‘அடியார்களாகிய நாங்கள்’ என்ற பொருளைத் தருகிறது. அந்தச் சொல்லில் காலம் காட்டும் இடைநிலை எதுவும் இல்லை. மௌதேனன் அமைந்திருப்பதும் அப்படித்தான்: அறிக்கையிடுபவர்களாகிய நாங்கள். நான் முதலில் மலையாளக் குறிப்புகளின் வழியாகப் படித்ததால் இதைத் தவறவிட்டேன். இன்றைய மலையாள வினைமுற்று இடம் காட்டும் விகுதியை ஏற்பதில்லை. ஆகவே சொல்லின் கடைசியில் நாங்கள் என்பது ஒளிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இதே வினையைத் தன்மை ஒருமையில் பார்க்க விரும்பினால் பெஷீத்தாவில் மத்தேயு 11:25ஐத் திறந்து பாருங்கள். ‘மௌதேனா லாக்’, தந்தையே உம்மை அறிக்கையிடுகிறேன், என்று இயேசுவின் வேண்டுதல் அங்கே தொடங்குகிறது. ஒலிப்பில் ஒரே சொல்லாக இருந்தாலும், எழுத்தில் மௌதே என்றும் எனா என்றும் இரண்டு சொற்களாக இடைவெளி விட்டு எழுதப்பட்டிருக்கும். எனா என்றால் நான். ஒட்டும் பெயரைச் சேர்த்து எழுதுவதும் பிரித்து எழுதுவதும் சுரியானியில் இரண்டும் வழக்கம். பிரிந்து நிற்பதைக் கண்டு, அழுத்தத்துக்காக நான் என்று தனியே சொல்லியிருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

இந்தப் படியில் கவனிக்க வேண்டிய பிழைகள் இரண்டு. ஒன்று, கடைசியில் வரும் இரட்டை நூன். மீம், வாவ், தாலத், யூத், நூன், நூன் என்று ஆறு எழுத்துகள் இருக்க வேண்டும். படி எடுக்கும்போது ஒரு நூன் விடுபட்டால் மௌதேன் மட்டும் எஞ்சும். அது ‘அவர்கள் அறிக்கையிடுகிறார்கள்’ என்று ஆகிவிடும், ஏனெனில் படர்க்கையில் சுரியானி எந்தப் பெயரையும் ஒட்ட வேண்டியதில்லை. என்னுடைய முதல் கையெழுத்துப் படியில் இதுதான் நேர்ந்தது. ஒரு வாரம் முழுவதும் ‘அவர்கள்’ யார் என்று தேடினேன். மற்றொன்று, அகராதியில் வேரைத் தேடும்போது அறிதல் என்னும் பொருளுள்ள வேரின் கீழ்ச் சென்றுவிடுவது. அந்த வேர் யூத், தாலத், ஏ என்ற மூன்று எழுத்துகளில் முடியும். நமக்கு வேண்டியது அந்த ஏ எழுத்து இல்லாத வேர். வேரின் முன் ஆலஃப் சேரும் அஃபெல் என்னும் அமைப்பில் அதன் வடிவமான ‘அவ்தீ’யின் கீழ் அறிக்கையிடுதல், நன்றி செலுத்துதல் ஆகிய பொருள்களைக் காண்பீர்கள்.

4. ம்ஷப்ஹீனன்: செய்வினையா, செயப்பாட்டுவினையா?

அமைப்பு முன்னதைப் போன்றதே: ம்ஷப்ஹீன் என்பதன் மேல் நன். வேர் ஷீன், பேத், ஹேத். வினை, வேரின் நடு எழுத்து இரட்டிக்கும் பயெல் என்னும் அமைப்பில் வருகிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்கு ஒரு மாலையை முழுதாகக் கொடுங்கள்.

பயெல் அமைப்பில் செய்வினைப் பெயரையும் செயப்பாட்டுவினைப் பெயரையும் ஆண்பால் ஒருமையில் கடைசி உயிரே பிரித்துக் காட்டும். ஏற்றுக்கொள்ளுதலைக் குறிக்கும் வினையில் ஏற்பவன் ம்கப்பெல், ஏற்கப்பட்டவன் ம்கப்பல். பன்மையில் ஈன் என்ற விகுதி சேரும்போது அந்த உயிர் விழுந்துவிடுவதால் இரண்டும் ம்கப்லீன் என்று ஒன்றாகிவிடும். நம் வினையில் நிலைமை இன்னும் நெருக்கமானது. ஹேத் என்னும் எழுத்து தனக்கு முன்னுள்ள எகரத்தை அகரமாக மாற்றும் என்பதால், ஒருமையிலும் புகழ்பவன், புகழப்பட்டவன் இரண்டுக்கும் ம்ஷப்பஹ் என்ற ஒரே வடிவம்தான் உண்டு. வேண்டுதல்களில் கடவுளை ம்ஷப்பஹ் என்று சொல்லும் இடங்களில் அது புகழப்பட்டவர் என்று பொருள்படும்.

அப்படியானால் ம்ஷப்ஹீனன் என்பதை வடிவத்தை மட்டும் வைத்து ‘நாங்கள் புகழப்பட்டவர்கள்’ என்று படிக்கவும் இடமிருக்கிறது. தீர்ப்பது முன்னால் நிற்கும் லாக் என்ற சொல்தான். உம்மை என்ற செயப்படுபொருள் இருப்பதால் வினை செய்வினையாகிறது. அடியைப் பிரிக்கும்போது வினையை மட்டும் வெட்டியெடுத்து அட்டவணையில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். லாக் இல்லாமல் இந்தச் சொல்லுக்கு விடை கிடைக்காது. தேடுதளங்கள் இரண்டு விடைகளையும் காட்டும்போது தளம் தவறுகிறது என்று நினைக்காதீர்கள், அது சரியாகவே காட்டுகிறது.

பாலைப் பற்றியும் ஒன்று. மௌதேனன் என்பதையும் அதன் பெண்பாலான மௌத்யானன் என்பதையும் ஒரே ஆறு எழுத்துகளில்தான் எழுதுவார்கள். ஆனால் ம்ஷப்ஹீனன் என்பதன் பெண்பால் ம்ஷப்ஹானன். அதில் யூத் வராது. நம் வரியின் இரண்டாம் வினையில் யூத் இருக்கிறது, ஆகவே அது ஆண்பால் பன்மை. அதைக் கொண்டு முதல் வினையையும் ஆண்பாலாகவே வாசிக்கிறோம். ஆணும் பெண்ணும் கூடியிருக்கும் சபைக்குச் சுரியானியில் ஆண்பால் பன்மைதான் வரும்.

5. காலம் எங்கிருந்து வருகிறது?

என்னை அதிகம் அலைக்கழித்தது இந்தப் படிதான். சுரியானியின் இந்த வினையாலணையும் பெயரில் காலம் இல்லை. அது செயல் நடந்துகொண்டிருப்பதை மட்டும் காட்டும். லூக்கா 2:20இல் இடையர்கள் திரும்பிச் சென்ற செய்தி வருகிறது. அங்கே ‘கத் ம்ஷப்ஹீன்’ என்று நம் வரியில் உள்ள அதே பெயரே நிற்கிறது. முதன்மை வினை இறந்தகாலத்தில் இருப்பதால் அது ‘புகழ்ந்துகொண்டே’ என்று பொருள்படுகிறது. வேண்டுதலிலோ கேட்பவர் எதிரில் இருக்கிறார், சொல்லும் கணமே புகழும் கணம். ஆகவே பெயரோடு தன்மைப் பெயர் சேர்ந்த இந்த வடிவம் நிகழ்காலமாகிறது.

காலத்தை மாற்ற விரும்பினால் சுரியானி வேறு சொல்லைத் துணைக்கு அழைக்கும். ‘ஹ்வா’ என்ற இருத்தல் வினையைப் பெயருக்குப் பின்னால் வைத்தால் இறந்தகாலத் தொடர்ச்சி அல்லது வழக்கம் கிடைக்கும்: ம்ஷப்ஹீன் வைன், புகழ்ந்துகொண்டிருந்தோம். இங்கே வைன் என்பதை ஹே எழுத்தோடுதான் எழுதுவார்கள், ஆனால் ஒலிக்கமாட்டார்கள். குறியிட்ட பாடங்களில் அந்த ஹேயின்மேல் ஒரு சிறு கோடு இருக்கும். இடத்தை வைன் காட்டிவிடுவதால் நன் ஒட்டத் தேவையில்லை. அதே வினை ஹே ஒலியோடு முன்னால் வந்தால் பொருள் மாறி அறிவுரையாகவோ வாழ்த்தாகவோ ஆகும். ‘ஹ்வைத் ஹ்லீம்’, நலமாய் இரு, என்று விடைபெறுவது அதற்கு எடுத்துக்காட்டு. எதிர்காலத்தில் நடந்துகொண்டிருக்கப் போவதைச் சொல்ல ‘நெஹ்வே’யைச் சேர்ப்பார்கள்.

இப்போது ‘புகழ்வோமாக’ என்ற தமிழாக்கத்துக்கு வருகிறேன். அந்தப் பொருளுக்குச் சுரியானியில் நூனில் தொடங்கும் வேறு வடிவம் இருக்கிறது: நவ்தே, ன்ஷப்பஹ். தமிழில் ‘புகழ்வோம்’ என்பது எதிர்காலமாகவும் அழைப்பாகவும் நிற்பது போல ன்ஷப்பஹ் என்பதும் இரண்டாகவும் நிற்கும். போதாததற்கு, ‘அவன் புகழ்வான்’ என்பதற்கும் அதே வடிவம்தான். நம் வரியில் சொல்லின் முதலில் நூன் இல்லை, மீம் இருக்கிறது. சொல் மீமில் தொடங்கி நூன் நூன் என முடிந்தால் புகழ்கிறோம். நூனில் தொடங்கினால் புகழ்வோம். இதைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இறந்தகால வினைமுற்றோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. ஆண்டவர் கற்பித்த வேண்டுதலில், மத்தேயு 6:12இல், ‘ஷ்வக்ன்’ என்று வருகிறது. மன்னித்தோம் என்ற முற்றுப்பெற்ற வினை அது. எழுத்தில் ஷீன், பேத், கோஃப், நூன் மட்டும். மன்னிக்கிறோம் என்றால் யூத்தும் இன்னொரு நூனும் சேர்ந்து ஷாவ்கீனன் என்று இருக்கும். வேண்டுதல்கள் எல்லாமே நிகழ்காலத்தில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஷ்வக்ன் என்பதையும் நிகழ்காலமாக வாசித்துவிடாதீர்கள்.

6. பின்னிரண்டு அடிகள்: வினை போலத் தோன்றும் பெயர்கள்

தத்தூ என்பது த், அத், ஊ என்று மூன்றாகப் பிரியும்: ஏனெனில், நீர், பிறகு முன்பு லாகூவில் பார்த்த அதே சுட்டு. அத் என்பதன் நடுவில் எழுதப்படும் நூனை ஒலிக்கக் கூடாது.

பாரோகா என்பது மீட்டல் வினையிலிருந்து பிறந்த செய்வோன் பெயர். அதை, காலம் காட்ட உதவும் பெயரான ‘பாரெக்’ என்பதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. பாரெக் என்பதோடு முன்னிலைப் பெயர் சேர்ந்தால் ‘மீட்கிறீர்’ என்ற நிகழ்கால வினை; ‘அத்தூ பாரோகா’ என்றால் ‘மீட்பர் நீரே’ என்ற பெயர்ப் பயனிலை. முதலாவது இப்போது நடக்கும் செயலைச் சொல்கிறது. இரண்டாவது அவர் யார் என்பதைச் சொல்கிறது. ம்னஹ்மானா என்பதும் அப்படியே: ம்னஹெம், உயிர்த்தெழச் செய்பவன், என்ற வடிவத்தின் மேல் ‘ஆனா’ சேர்ந்து நிலையான பெயராகிவிட்டது. முன்னிரண்டு அடிகளும் நாங்கள் இப்போது செய்வதையும், பின்னிரண்டு அடிகளும் அவர் எப்போதும் யார் என்பதையும் சொல்வது இந்த இலக்கண வேறுபாட்டால்தான். தமிழாக்கம் செய்பவர்கள் ‘உயிர்ப்பிக்கிறீர், மீட்கிறீர்’ என்று எழுதினால் அது அழிந்துபோகிறது.

த்பக்ரைன் என்பதன் கடைசியில் உள்ள யூத் நூனைக் கண்டு, ம்ஷப்ஹீன் போலப் பன்மை வினைப்பெயர் என்று எண்ணாதீர்கள். அது ‘எங்கள் உடல்கள்’. ஐன் என்பது பன்மைப் பெயரில் ஏறும் எங்கள் என்னும் உடைமை. உயிர்க்குறி இல்லாத பாடத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

7. சரிபார்க்கும் வழி

நான்காம் மாலையில், பாடத்தை மூடிவைத்துவிட்டு முழு வேண்டுதலையும் ஒருமையில் எழுதிப் பாருங்கள். ஆண் ஒருவர் தனியே வேண்டினால் முதல் இரண்டு வினைகளும் மௌதேனா, ம்ஷப்பஹ்னா என்று ஆக வேண்டும். பன்மையில் விழுந்த அகரம் ம்ஷப்பஹ்னாவில் திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். ம்ஷப்ஹீனா என்று எழுதியிருந்தால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். பெண் ஒருவர் வேண்டினால் மௌத்யானா, ம்ஷப்ஹானா. பின்னிரண்டு அடிகளில் உடல், ஆன்மா என்னும் பெயர்கள் ஒருமையாகி, உடைமை விகுதிகளும் மாறி, த்பக்ர், த்நப்ஷ் என்று நிற்கும். ‘என்’ என்பதைக் காட்டும் யூத்தைக் கடைசியில் எழுத வேண்டும், ஒலிக்கக் கூடாது. அத்தூ ம்னஹ்மானா, அத்தூ பாரோகா இரண்டும் ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும். அவற்றில் எதையேனும் நீங்கள் மாற்றியிருந்தால், அவற்றை இன்னும் வினையாகவே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், ஆறாம் படியை மறுபடி வாசியுங்கள்.